ஆய்வு அறிக்கை வந்த பிறகு: வணிகக்குறிப் பதிவு ஆவணங்களும் ஆட்சேபணைக்குப் பதிலும், சிறு உற்பத்தியாளரின் கேள்விகள்

“செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்தோம். இப்போது இணையதளத்தில் Objected என்று வருகிறது. எங்கள் பெயர் போய்விட்டதா?”

இல்லை. வணிகக்குறிப் பதிவகத்தின் ஆய்வாளர் உங்கள் விண்ணப்பத்தைப் படித்து, அதை அப்படியே ஏற்பதற்குத் தடையாகத் தமக்குத் தோன்றும் காரணங்களை எழுதி, அவற்றுக்கு உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்கிறார் என்பதே அந்தச் சொல்லின் பொருள். நிராகரிப்பு என்பது Refused என்ற வேறொரு நிலை. பதில் சொல்லாமல் விட்டதால் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படுவது Abandoned. சிறு உற்பத்தியாளர்கள் பெயரை இழப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியில்தான் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆட்சேபணை வலுவாக இருந்ததால் அவர்கள் இழக்கவில்லை. கடிதம் வந்தது தெரியாமலும், தெரிந்தும் பயந்துபோய் அலமாரியில் வைத்துவிட்டதாலுமே இழந்தார்கள்.

“என் பெயரில் என்னென்ன தாள்கள் தாக்கல் ஆகியிருக்கின்றன என்றே எனக்குத் தெரியாது. எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?”

முதலில் டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். அதில் ஐந்து இடங்களை மட்டும் கவனமாகப் பாருங்கள். விண்ணப்பதாரரின் பெயர், பொருள் வகுப்பு, பொருள்களின் பட்டியல், பயன்பாடு தொடங்கிய நாள், தமிழ் எழுத்துகளில் உள்ள குறிக்குக் கொடுக்கப்பட்ட ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் ஆகியவையே அவை. பின்னால் வரும் ஆட்சேபணைக்கு நீங்கள் என்ன பதில் சொல்ல முடியும் என்பதை இந்த ஐந்தும் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன.

அடுத்தது டிஎம்-48. இது முகவருக்கோ வழக்கறிஞருக்கோ நீங்கள் கொடுத்த அதிகாரப் பத்திரம். மூன்றாவது பயன்பாட்டுப் பிரமாணப் பத்திரம். விண்ணப்ப நாளுக்கு முன்பிருந்தே பெயரைப் பயன்படுத்துவதாகக் கூறினால், 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தக் கூற்றை ஆதாரங்களுடன் உறுதிமொழியாகத் தாக்கல் செய்தாக வேண்டும். நான்காவது உத்யம் சான்றிதழ். தனிநபர் அல்லது சிறு நிறுவனம் என்ற சலுகைக் கட்டணம் இணையவழித் தாக்கலில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000 ரூபாய். சிறு நிறுவனம் என்று சொல்லிச் சலுகைக் கட்டணம் செலுத்தியிருந்தால் அதற்கான சான்று கோப்பில் இருக்க வேண்டும்.

விண்ணப்பதாரர் பெயரில் நேரும் பிழை சாதாரணமானதன்று. தொழில் தந்தையின் பெயரில் ஜிஎஸ்டி பதிவோடு நடக்கும். விண்ணப்பமோ மகன் பெயரில் போயிருக்கும். பிறகு பயன்பாட்டுக்கு ஆதாரமாகக் கொடுக்கும் பில்கள் எல்லாம் வேறொருவருடையவையாகத் தோன்றும். இப்படி இருந்தால், தொழில் எப்போது, எந்தப் பத்திரத்தின் வழியாகக் கைமாறியது என்பதைக் காட்டும் ஆவணத்தை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

“ஆய்வு அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில், சட்டப் பிரிவு எண்களோடு இருக்கிறது. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?”

பிரிவு எண்ணிலிருந்து தொடங்குங்கள். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தின் கீழ் வரும் ஆட்சேபணைகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டே பிரிவுகளில் அடங்கும். பிரிவு 9 என்றால், “இந்தப் பெயர் ஒருவருக்கு மட்டும் சொந்தமாகக் கூடிய தன்மையுடையதா?” என்று கேட்கிறார்கள். பிரிவு 11 என்றால், “இது ஏற்கெனவே இருக்கும் இன்னொருவருடைய குறியோடு குழம்பாதா?” என்று கேட்கிறார்கள். முதற்கேள்வி பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றியது. இரண்டாவது உங்களுக்கும் வேறொரு வணிகருக்கும் உள்ள உறவைப் பற்றியது. ஒன்றுக்கான பதிலை மற்றொன்றுக்கு எழுதினால் பயனில்லை. ஆனாலும், பிரிவு 9-க்கு மட்டும் ஆட்சேபணை வந்திருக்க, “எங்கள் பெயர் வேறு யாருடைய பெயரையும் ஒத்ததன்று” என்று பக்கம் பக்கமாக எழுதிய பதில்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரிவு 11 இருந்தால் அறிக்கையோடு ஒரு தேடல் பட்டியலும் வரும். அதில் முன்பே விண்ணப்பிக்கப்பட்ட குறிகளின் எண், பெயர், வகுப்பு, பொருள்கள், விண்ணப்ப நாள், பயன்பாட்டு நாள், இப்போதைய நிலை ஆகியவை இருக்கும். சில நேரங்களில் இவற்றோடு படிவக் குறைகளையும் கேட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்பு இல்லை, அதிகாரப் பத்திரம் இல்லை என்பவை அத்தகையவை. அவற்றை உடனே சரிசெய்துவிடலாம்.

“முப்பது நாளுக்குள் பதில் என்கிறார்கள். எந்த நாளிலிருந்து? முகவர் அந்தக் கடிதத்தை எனக்கு இருபது நாள் கழித்துத்தான் அனுப்பினார்.”

அறிக்கையைப் பெற்ற நாளிலிருந்து ஒரு மாதம். இதில் மறைந்திருக்கும் சிக்கல் ‘பெற்ற நாள்’ என்பதுதான். விதிகளின்படி, மின்னஞ்சலில் அனுப்பப்படும் கடிதம் அனுப்பப்பட்ட நேரத்திலேயே கிடைத்ததாகக் கொள்ளப்படுகிறது. விண்ணப்பத்தில் முகவரின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், அவருடைய பெட்டிக்கு அது போய்ச் சேர்ந்ததுமே உங்கள் நாள்களும் எண்ணப்படத் தொடங்கிவிடும். அவர் உங்களுக்கு எப்போது சொன்னார் என்பது கணக்கில் வராது.

ஆகவே யாரையும் நம்பிக் காத்திராமல், மாதத்தில் இரண்டு முறையாவது உங்கள் விண்ணப்ப எண்ணைப் பதிவகத்தின் இணையதளத்தில் நீங்களே இட்டுப் பாருங்கள். அறிக்கையும் அங்கேயே திறந்து படிக்கக் கிடைக்கும். ஆய்வு அறிக்கைக்குப் பதில் தாக்கல் செய்ய அரசுக் கட்டணம் எதுவும் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் தொகை எழுதித் தருபவரின் ஊதியம் மட்டுமே.

“எங்கள் பெயர் நல்ல தமிழ்ப் பெயர். இதைப் பொருளின் தன்மையைச் சொல்லும் பெயர் என்று எப்படிச் சொல்லலாம்?”

பெயர் எந்த மொழியில் இருக்கிறது என்பதில் இதற்கான விடை இல்லை. அந்தச் சொல் அந்தப் பொருளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதில்தான் இருக்கிறது. தமிழ் எழுத்தில் உள்ள குறிக்கு ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும் என்று விதி 28 கூறுகிறது. தமிழ் தெரியாத ஆய்வாளரும் அந்த மொழிபெயர்ப்பைக் கொண்டே பெயரின் பொருளை அறிகிறார். எனவே அதில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் உங்களுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கடைசி வரை அதையே தொடர்வோம். பெயர்களும் நாள்களும் கற்பனை. ஒருவர் 2019-இல் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றை மரச்செக்கில் ஆட்டி விற்கத் தொடங்குகிறார். புட்டியின் லேபிளில் ‘தாழைமடல் செக்கு எண்ணெய்’ என்று அச்சிடுகிறார். 2024-இல் அந்த லேபிளையே குறியாகக் கொடுத்து, சமையல் எண்ணெய் அடங்கும் 29-ஆம் வகுப்பில் விண்ணப்பிக்கிறார். ஆய்வாளர் பிரிவு 9(1)(பி)-இன் கீழ், இக்குறி பொருளின் வகையையும் தரத்தையும் குறிக்கும் சொற்களைக் கொண்டது என்று எழுதுகிறார்.

அவர் சொல்வதில் பாதி சரிதான். ‘செக்கு எண்ணெய்’ என்பது எண்ணெய் எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் சொல். செக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதை ஒருவரின் உடைமையாக்கினால் மற்றவர்கள் தங்கள் பொருளின் பெயரையே சொல்ல முடியாமல் போகும். இதில் சட்டம் நியாயமாகவே நிற்கிறது என்பது என் கருத்து. ஆனால் தாழையின் மடலுக்கும் சமையல் எண்ணெய்க்கும் எந்த உறவும் இல்லை. அது எண்ணெயின் மூலப்பொருளும் இல்லை, தரமும் இல்லை, ஊரும் இல்லை. ஆகவே பெயரின் உயிர் ‘தாழைமடல்’ என்ற பகுதியில் இருக்கிறது.

இதற்கான பதிலும் அங்கிருந்தே பிறக்கிறது. குறியை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றும், அதன் முதன்மைப் பகுதி பொருளை வருணிக்கவில்லை என்றும், ‘செக்கு எண்ணெய்’ என்ற சொற்களின் மீது தனியுரிமை கோரவில்லை என்றும் எழுத வேண்டும். குறியை முழுமையாகப் பதிவு செய்வதால் அதிலுள்ள பொதுவான பகுதியின் மீது தனியுரிமை வராது என்று பிரிவு 17-உம் சொல்வதால், இவ்வாறு விட்டுக்கொடுப்பதில் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. இதற்கு மாறாக, பெயரே ‘மரச்செக்கு’ என்று மட்டும் இருந்திருந்தால் இந்தப் பதில் உதவாது. நெடுநாள் பயன்பாட்டால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மக்கள் உங்களை மட்டுமே நினைக்கிறார்கள் என்று நிறுவ வேண்டியிருக்கும். அது சிறு உற்பத்தியாளரால் பெரும்பாலும் முடியாத காரியம்.

“பிரிவு 11-இல் இரண்டு பெயர்களைக் காட்டியிருக்கிறார்கள். அவை முன்பே இருப்பதால் எங்களுக்கு வழியே இல்லையா?”

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் முதலாவது ‘தாழை’; ஊறுகாய்க்காக 29-ஆம் வகுப்பில் பதிவானது. இரண்டாவது ‘தாழைமலர்’, சமையல் எண்ணெய்க்காக 2023-இல், இனிமேல்தான் பயன்படுத்தப்போவதாகச் சொல்லி விண்ணப்பிக்கப்பட்டு இன்னும் நிலுவையில் உள்ளது.

முதலாவதில் பொருள் வேறு. ஒரே வகுப்பில் இருப்பதாலேயே இரு பொருள்கள் ஒத்தவை ஆகிவிடா. நந்தினி என்ற பெயரை வைத்து ஓர் உணவக நிறுவனத்துக்கும் கர்நாடகப் பால் கூட்டுறவு இணையத்துக்கும் இடையே நடந்த வழக்கில், ஒரே வகுப்பில் வருவது மட்டும் போதாது, பொருள்களின் தன்மையையும் குறிகளின் தோற்றத்தையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பால், பால் பொருள்கள் நீங்கலாக அந்த உணவகத்தின் குறி அனுமதிக்கப்பட்டது. ஆனால் ஊறுகாயும் எண்ணெயும் மளிகைக் கடையில் ஒரே அடுக்கில் நிற்பவை என்பதை மறக்க வேண்டாம். உங்கள் பொருள் பட்டியலில் ‘29-ஆம் வகுப்பின் எல்லாப் பொருள்களும்’ என்று அகலமாக எழுதியிருந்தால் வாதம் அங்கேயே உடைந்துவிடும். டிஎம்-எம் படிவத்தின் வழியாக அதைச் ‘சமையல் எண்ணெய்கள்’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள். பட்டியலைச் சுருக்கத் திருத்தம் கேட்கலாம். முதல் விண்ணப்பத்தில் இல்லாத பொருளைச் சேர்க்க முடியாது.

இரண்டாவதுதான் உண்மையான தடை. பொருள் ஒன்றே, பெயர் நெருங்கியது. பதிவாகாமல் நிலுவையில் இருந்தாலும், முந்தைய நாளிட்ட விண்ணப்பம் பிரிவு 11-க்கு முந்தைய குறியாகவே கொள்ளப்படும். இங்கே உங்களைக் காப்பது ஒன்றே ஒன்று: அவர் விண்ணப்பித்தது 2023, நீங்கள் விற்கத் தொடங்கியது 2019. இதை நிறுவ முடிந்தால், ஒத்த குறியை இருவர் ஒரே காலத்தில் நேர்மையாகப் பயன்படுத்தி வருவதைக் குறிக்கும் பிரிவு 12-இன் நேர்மையான உடன்நிகழ் பயன்பாட்டையும், முன்பயன்பாட்டாளரின் உரிமையைக் காக்கும் பிரிவு 34-இன் நெறியையும் எடுத்துக்காட்டிப் பதிவு கேட்கலாம். பதில் எழுதும் நாளில் அந்த விண்ணப்பத்தின் நிலையையும் மறுபடி பாருங்கள். அறிக்கை வந்தபோது உயிரோடு இருந்த விண்ணப்பம் இதற்குள் கைவிடப்பட்டதாக ஆகியிருக்கலாம். அப்படியானால் அந்த நிலைப் பக்கத்தின் நகலே போதுமான பதிலாகிவிடும்.

“2019-இலிருந்து விற்கிறோம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் பில்லில் ‘கடலை எண்ணெய் 1 லிட்டர்’ என்று மட்டும்தான் இருக்கிறது. இது போதாதா?”

நீங்கள் எண்ணெய் விற்றீர்கள் என்பதற்கு அது போதும். அந்தப் பெயரில் விற்றீர்கள் என்பதற்குப் போதாது. பல சிறு உற்பத்தியாளர்களின் கோப்பு இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. ஐந்து ஆண்டுப் பில்களைக் கட்டாகக் கொண்டுவருவார்கள். ஒன்றில்கூடக் குறி இருக்காது.

இனி அடிக்கும் பில்களில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பழைய பில்களைத் திருத்தவோ முன்தேதியிட்டுப் புதிதாக அச்சிடவோ கூடாது. அப்படிச் செய்தால் உறுதிமொழிப் பத்திரமே பொய்யாகிவிடும். வேறு இடங்களில் பெயர் பதிந்திருக்கும், அங்கே தேடுங்கள். லேபிள் அச்சிட்ட அச்சகத்தின் பில்லில் பெரும்பாலும் வேலையின் பெயராக உங்கள் குறியே எழுதப்பட்டிருக்கும். எனக்கு மிகவும் கைகொடுத்த ஆதாரம் இதுதான். லேபிள் வடிவமைப்பாளர் அனுப்பிய மின்னஞ்சல், ஆய்வகத்தின் மாதிரிச் சோதனை அறிக்கை, நாளிதழ் விளம்பரம், கண்காட்சி அரங்கு ஒதுக்கீட்டுக் கடிதம், நாளோடு கூடிய சமூக ஊடகப் பதிவு ஆகியவையும் உதவும். இவை பெயரையும் நாளையும் காட்டும். உங்கள் பில்கள் விற்பனையின் அளவைக் காட்டும். இரண்டையும் ஆண்டுவாரியாக அடுக்கி, ஆடிட்டரின் விற்பனைச் சான்றிதழை மேலே வைத்தால் கோப்பு தானே பேசும். தமிழில் உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள்.

பிரமாணப் பத்திரத்தில் எழுதும் தொடக்க நாளும் விண்ணப்பத்தில் உள்ள நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். கையில் உள்ள மிகப் பழைய ஆதாரத்தின் நாள் அதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ‘2015 முதல்’ என்று சொல்லிவிட்டு 2019-இன் அச்சகப் பில்லை முதல் ஆதாரமாகக் காட்டினால், இடையிலுள்ள நான்கு ஆண்டுகள் மட்டும் சந்தேகத்துக்குள்ளாவதில்லை. 2019-க்குப் பிந்தையவையும் சேர்ந்தே நிறம் மங்குகின்றன.

“விண்ணப்பம் போட்டவர் அவசரத்தில் ‘இனிமேல் பயன்படுத்தப்போகிறோம்’ என்று குறித்துவிட்டார். இப்போது பழைய பில்களைக் கொடுக்கலாமா?”

அப்படியே கொடுத்தால் உங்கள் விண்ணப்பமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இதுவரை பயன்படுத்தவில்லை என்று அதில் நீங்களே கையொப்பமிட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். பிரிவு 9-இல் பயன்பாட்டால் பெற்ற தனித்தன்மை என்ற வாதமும், பிரிவு 11-இல் முன்பயன்பாடு என்ற வாதமும் அந்த ஒரே குறிப்பினால் முடங்கிப்போகும். தவறு எப்படி நேர்ந்தது என்று விளக்கி, பிரமாணப் பத்திரத்தோடு டிஎம்-எம் படிவத்தில் திருத்தம் கேட்க வேண்டும். இந்தத் திருத்தத்தை ஆய்வுப் பதிலுக்கு முன்போ அதனுடனோ தாக்கல் செய்யுங்கள். விசாரணை நாள் வரை தள்ளாதீர்கள். ஏற்கப்படுமா என்பது பதிவாளரின் முடிவு. விண்ணப்பித்த குறியையே கணிசமாக மாற்றும் திருத்தம் எந்த நிலையிலும் அனுமதிக்கப்படாது என்பதால், பெயரையே மாற்ற நினைப்பவர் புதிய விண்ணப்பம்தான் போட வேண்டும்.

“பதில் கொடுத்துவிட்டோம். இப்போது விசாரணை என்று கடிதம் வந்திருக்கிறது. பதில் தோற்றுவிட்டதா?”

எழுத்துப் பதில் ஆய்வாளருக்கு முழு நிறைவளிக்கவில்லை என்றால், நேரில் கேட்டு முடிவெடுக்க விசாரணைக்கு அழைப்பார்கள். இப்போது அது பெரும்பாலும் காணொலி வழியாகவே நடக்கிறது. வருகை தராமல் இருப்பதே அங்கே நிகழும் மிகப் பெரிய தவறு.

விசாரணை மிகச் சுருக்கமானது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதனால் நீண்ட உரையை ஆயத்தம் செய்யாதீர்கள். நம் எடுத்துக்காட்டுக்காரர் சொல்ல வேண்டியது மூன்றே செய்திகள். ‘செக்கு எண்ணெய்’ மீது உரிமை கோரவில்லை. ‘தாழை’ ஊறுகாய்க்கானது, எங்கள் பட்டியல் சமையல் எண்ணெயோடு சுருக்கப்பட்டுவிட்டது. ‘தாழைமலர்’ 2023-இல் வந்தது, எங்கள் பயன்பாடு 2019 முதல், ஆதாரம் இந்தப் பக்கத்தில். பக்க எண்ணைச் சொல்லும்படி ஆவணங்களுக்கு வரிசை எண் இட்டு வைத்திருந்தால், அதிகாரி திரையில் அதைத் திறந்து பார்ப்பார். எண்ணிடாத இருநூறு பக்கக் கோப்பை யாரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள்.

“ஆட்சேபணை நீங்கிய பிறகு, வேறொரு நிறுவனம் எதிர்ப்புக் கொடுத்திருப்பதாக வந்திருக்கிறது. இதற்கும் அதே பதிலைக் கொடுக்கலாமா?”

கொடுக்க முடியாது. இது வேறு நடவடிக்கை. ஏற்கப்பட்ட குறி வணிகக்குறிகள் இதழில் வெளியிடப்படும். வெளியான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு அறிவிப்புத் தாக்கல் செய்யலாம். அந்த அறிவிப்பின் நகல் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஆட்சேபணையில் நீங்கள் அலுவலகத்துக்கு விளக்கம் சொல்கிறீர்கள். எதிர்ப்பில் இன்னொரு தரப்பு வழக்காடுகிறது. சான்று, மறுசான்று, விசாரணை என்று நீளும் என்பதால், இந்தக் கட்டத்தில் இத்துறை அறிந்த வழக்கறிஞர் இன்றிப் போக வேண்டாம் என்பதே என் அறிவுரை.

“இதெல்லாம் முடியும் வரை லேபிளில் ஆர் வட்டக் குறியைப் போடலாமா?”

கூடாது. பதிவாகாத குறியைப் பதிவானதாகக் காட்டுவதைப் பிரிவு 107 தடுக்கிறது. அதுவரை டிஎம் என்ற சிறு எழுத்துகளை இடலாம். ஏற்கெனவே அச்சான லேபிள்களில் வட்டக் குறி இருந்தால், அந்த லேபிளையே ஆதாரமாகத் தாக்கல் செய்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ளவற்றைப் பயன்படுத்துவதையும் நிறுத்திவிடுங்கள்.

“எல்லாம் சொல்லியும் நிராகரித்துவிட்டார்கள். இனி என்ன?”

முடிவின் காரணங்களை எழுத்தில் பெறுங்கள். கோப்பில் இருந்த ஆவணம் கவனிக்கப்படாமல் போனது போன்ற தெளிவான பிழை இருந்தால், ஒரு மாதத்துக்குள் டிஎம்-எம் படிவத்தில் அதே பதிவாளரிடம் மறுஆய்வு கேட்கலாம். முடிவே தவறு என்று கருதினால், அது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். முன்பு இவற்றைக் கேட்ட மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால், சென்னைப் பதிவகத்தின் முடிவுகளுக்கு எதிராகத் தமிழ்நாட்டு விண்ணப்பதாரர் செல்வது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு.

அந்தச் செலவு எல்லாருக்கும் தகாது. பொதுச்சொல்லையே பெயராகக் கொண்டு தோற்றவர், மேல்முறையீட்டுக்குச் செலவிடும் பணத்தில் அதே லேபிளில் தனித்த சொல் ஒன்றைச் சேர்த்துப் புதிய விண்ணப்பம் போடுவதே மேல். முன்பயன்பாட்டுக்கு உறுதியான ஆதாரம் வைத்திருந்தும் அது பார்க்கப்படாமல் தோற்றவர் மட்டும் மேலே செல்வது பொருந்தும். இருவருமே, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகும் பில்களையும் அச்சகத் தாள்களையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தும் வரை, அடுத்த விண்ணப்பத்துக்கோ பிறர் தொடுக்கும் வழக்குக்கோ அந்தத் தாள்களே வேண்டியிருக்கும்.